கோட்டுக்குக் கீழே கையெழுத்து

அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் பலர் புத்தகப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அம்மாவிடம் நீட்டுவார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கான கடிதம் அது. என்.எஸ்.எஸ். என்று எல்லோரும் சொல்லும் இந்தத் திட்டம் 1969ஆம் ஆண்டு, காந்தி நூற்றாண்டில் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஒரு சிறப்பு முகாமும் முடித்த மாணவருக்குச் சான்றிதழ் உண்டு. பிளஸ் டூவில் பொதுத்தேர்வு நெருக்கடி இருப்பதால், பெரும்பாலும் பிளஸ் ஒன் பிள்ளைகள்தான் முகாமுக்குப் போகிறார்கள். ஏதாவதொரு கிராமத்தில், விடுமுறை விட்டிருக்கும் பள்ளிக் கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்குவார்கள். காலையில் மண்வெட்டி, கூடையோடு உடலுழைப்பு, மதியம் யாராவது வந்து பேசுவது, மாலையில் ஊர்மக்களுக்குக் கலைநிகழ்ச்சி என்று ஒரு வாரம் ஓடும்.

பல பிள்ளைகளுக்குப் பெற்றோர் இல்லாமல் வெளியே தங்கும் முதல் வாரம் அது. அந்த வாரம் எப்படிப் போகும் என்பதில் பாதி, வீட்டுக்கு வரும் தாளிலேயே முடிவாகிவிடுகிறது. வழக்கமாக அந்தத் தாள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"அன்புடையீர், தங்கள் மகன் / மகள் எதிர்வரும் விடுமுறையில் நடைபெறவுள்ள முகாமில் கலந்துகொள்ள உள்ளார். தேவையான உடைகள், படுக்கை, தட்டு, டம்ளர், சோப்பு, டார்ச் லைட், மருந்துகள் மற்றும் இதர பொருட்களைக் கொடுத்து அனுப்பவும். விலையுயர்ந்த பொருட்களுக்குப் பள்ளி பொறுப்பல்ல."

அதன் கீழே புள்ளிகளால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே: "மேற்கண்ட முகாமில் என் பிள்ளை கலந்துகொள்ளச் சம்மதிக்கிறேன். ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல. பெற்றோர் கையொப்பம்."

இதில் ஒரு பெற்றோருக்குப் பயன்படும் செய்தி அநேகமாக ஒன்றுமில்லை. எந்த ஊர், எந்தக் கட்டடம், யார் பொறுப்பு, எப்போது திரும்புவார்கள், இரவில் யாரை அழைப்பது என்று எதுவும் இல்லை. பெற்றோரிடமிருந்து பள்ளி தெரிந்துகொள்வதற்கும் இடமில்லை. சம்மதம் என்ற ஒரே ஒரு சொல்தான் திரும்பிப் போகிறது. முகாமில் முதல் இரவு ஒரு பிள்ளைக்கு மூச்சிரைக்கும்போது, ஆசிரியர் கையில் இருப்பது ஒரு கையெழுத்து மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது.

முதலில் பொருட்களின் பட்டியலைப் பார்ப்போம். "தேவையான உடைகள்" என்று எழுதினால் ஒரு வீட்டில் பத்து உடுப்பு வைத்து அனுப்புவார்கள், இன்னொரு வீட்டில் இரண்டு. இரண்டுமே பள்ளி சொன்னபடிதான். பட்டியல் எழுதும் ஆசிரியர் அந்த ஏழு நாளையும் மனத்துக்குள் ஒருமுறை வாழ்ந்து பார்த்துவிட்டு எண்ணைப் போட வேண்டும். உடலுழைப்புக்கு இரண்டு செட் பழைய உடை இருந்தால் போதும். ஒன்றை உடுத்தும்போது மற்றொன்று காயும். ஆனால் மார்கழியில் துணி காய்வது எளிதல்ல, பனி வேறு பெய்யும். தடித்த ஜீன்ஸ் பேன்ட்டைத் துவைத்துப் போட்டால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். ஆகவே "ஜீன்ஸ் வேண்டாம், சீக்கிரம் காயும் முழுக்கால் உடை இரண்டு" என்று எழுத வேண்டும். மாலைக்கும் இரவுக்குமாக இன்னும் இரண்டு செட், தொடக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும் பள்ளிச் சீருடை ஒரு செட், உள்ளாடை ஐந்து, துண்டு இரண்டு. இவ்வளவுதான். இதற்கு மேல் போனால் பிள்ளையால் தூக்க முடியாது. "பை ஒன்று மட்டும், பிள்ளையே தூக்கிக்கொண்டு அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், வீட்டில் அடுக்கும்போதே எடை தானாகக் குறைந்துவிடும்.

படுக்கை என்றால் என்ன என்பதும் வீட்டுக்கு வீடு மாறும். சிமெண்ட் தரையில் விரிக்க ஒரு பாய், பாயின்மேல் விரிக்க ஒரு போர்வை, போர்த்திக்கொள்ள இன்னொன்று. இந்த இரண்டாவது போர்வையைத்தான் நிறைய வீடுகளில் விட்டுவிடுவார்கள். விடியற்காலையில் தரையின் குளிர் பாயைத் தாண்டி மேலே வரும். தலையணை வேண்டியதில்லை, துண்டை மடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால் பையில் இடம் மிச்சம்.

காலணி விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். முகாமில் வரும் காயங்களில் நிறைய, மண்வெட்டியாலும் கருவேல முள்ளாலும் காலில் வருபவை. ரப்பர் செருப்பு இவற்றிலிருந்து காப்பாற்றாது. விரல்களை மூடும் ஷூ ஒன்று, குளிக்கப் போக ஒரு செருப்பு. அரசு பள்ளியில் ஷூ எல்லோரிடமும் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் அளவு சிறுத்துப் போயிருக்கலாம், அந்த வயதில் பாதம் அவ்வளவு வேகமாக வளரும். நீளமான காலுறை மூன்று ஜோடி என்று எழுதும்போது காரணத்தையும் எழுத வேண்டும். புல்லும் புதருமான இடத்தில் வேலை செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் காலில் ஏறிக் கடிக்கும். அவற்றால் உண்ணிக் காய்ச்சல் வரும். தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் இது அதிகம் தென்படுகிறது. காரணம் தெரிந்த அம்மா காலுறையை மறக்காமல் எடுத்துவைப்பார். காரணம் தெரியாதவருக்குப் பட்டியலின் 14ஆம் பொருள் அது, அவ்வளவுதான்.

தட்டு, டம்ளரில் நம் ஊருக்கே உரிய வசதி ஒன்று இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்போம். ஐம்பது தட்டுகள் ஒன்றாகக் கழுவப்படும் இடத்தில் தாத்தா பெயர் வெட்டிய தட்டு காணாமல் போகாது. "பெயர் வெட்டிய தட்டு, டம்ளர் தலா ஒன்று, பீங்கானும் கண்ணாடியும் வேண்டாம்" என்று எழுதினால் யாரும் கடைக்குப் போக வேண்டியதில்லை. துணிகளிலும் போர்வையிலும் ஓரத்தில் அழியாத மையால் முதலெழுத்து எழுதச் சொல்லலாம்.

மாணவிகளுக்கான பட்டியல் தனியாக இருக்க வேண்டும். அதில் நாப்கினை வெளிப்படையாக எழுத வேண்டும். மாதவிலக்கு தேதி தள்ளியிருந்தாலும் ஒரு பாக்கெட் கையில் இருக்கட்டும், இடமாற்றமும் உடலுழைப்பும் தேதியை முன்னே கொண்டுவருவதுண்டு. தமிழ்நாட்டில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகவே தரப்படுகிறது, ஆகவே முகாமுக்கென்று பள்ளியும் சில பாக்கெட்டுகளை எடுத்துச் செல்வது கடினமல்ல. எந்த ஆசிரியையிடம் கேட்கலாம், பயன்படுத்தியதை எங்கே போடுவது என்ற இரண்டையும் கடிதத்திலேயே சொல்லிவிட்டால், கேட்கக் கூச்சப்பட்டு ஒரு நாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்காரும் பிள்ளை இருக்க மாட்டாள்.

இனி விலை. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டில் இல்லாத பொருள்தான். டார்ச், ஷூ, பை, இரண்டாவது போர்வை இந்த நான்கையும் புதிதாக வாங்க நேர்ந்தால் ஒரு தினக்கூலியின் ஒரு நாள் சம்பளம் போதாது. இதற்கு வழி தெரியாத பிள்ளை வீட்டில் தாளையே காட்டாது. "எனக்கு முகாம் பிடிக்கல சார்" என்று சொல்லிவிடும். பிள்ளை வரவில்லை என்றுதான் ஆசிரியருக்குத் தெரியும், ஷூ இல்லை என்று தெரியாது.

நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். திருப்பி அனுப்பும் சீட்டில் "இந்தப் பொருட்களைக் கொடுத்து அனுப்புகிறேன்" என்று மட்டும் கட்டம் போடக்கூடாது. "பள்ளி தர வேண்டும்" என்று இன்னொரு கட்டமும் வேண்டும். பாய், போர்வை, ஷூ, டார்ச் ஆகிய நான்குக்கு மட்டும் அந்தக் கட்டம் இருந்தால் போதும். முன்னாள் மாணவர்களிடமோ ஊரில் உள்ள கடைக்காரர்களிடமோ கேட்டால் ஐந்தாறு செட் சேர்ந்துவிடும். ஆனால் அந்தக் கட்டத்தில் பெற்றோர் டிக் போட வேண்டுமென்றால், அதை வகுப்புத் தலைவன் வாங்கி அடுக்கக் கூடாது. சீட்டை மடித்து ஒட்டியோ கவரில் போட்டோ நேராக ஆசிரியர் கையில் தர வேண்டும் என்று கடிதமே சொல்ல வேண்டும். நோய் பற்றிய கேள்விகளுக்கும் இதே ஏற்பாடு தேவை. பதினாறு வயதுப் பையனுக்கு இரவில் படுக்கை நனைகிறது என்பதை அவன் நண்பர்கள் கையில் போகும் தாளில் எந்த அம்மா எழுதுவார்?

சீட்டில் டிக் போடும் முறைக்கும் சில விதிகள் உண்டு. "ஆஸ்துமா இருந்தால் டிக் செய்யவும்" என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால், காலியாக வரும் கட்டத்துக்கு இரண்டு அர்த்தம். நோய் இல்லை என்பது ஒன்று, பெற்றோர் அந்த வரியைப் பார்க்கவே இல்லை என்பது மற்றொன்று. எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. உண்டு, இல்லை என இரண்டு கட்டங்கள் இருந்தால் காலியிடம் தானே கண்ணில் படும், அந்த வீட்டுக்கு ஒரு போன் போடலாம். நோய்களின் மருத்துவப் பெயரை அடுக்குவதைவிட வீட்டில் சொல்லும் விதமாகக் கேட்பது நல்லது: வீசிங் வருமா, வலிப்பு வந்ததுண்டா, எந்தச் சாப்பாடாவது மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்ததுண்டா, தினமும் மாத்திரை சாப்பிடுகிறாரா. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளை, முகாமின் உற்சாகத்தில் ஒருவேளை விட்டாலும் தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரலாம். மாத்திரையைப் பிரித்துத் தாளில் மடிக்காமல் அட்டையோடு, பிள்ளையின் பெயரும் வேளையும் எழுதிக் கவரில் போட்டு ஆசிரியரிடம் தரச் சொல்ல வேண்டும். இன்ஹேலர் மட்டும் விதிவிலக்கு. அது ஆசிரியரின் பெட்டியில் பூட்டி இருக்கக் கூடாது, பிள்ளையின் பையிலேயே இருக்க வேண்டும்.

தாளின் அமைப்பில் அடிக்கடி நேரும் ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். செலவு மிச்சமாகட்டும் என்று இரு பக்கமும் அச்சடிக்கும்போது பொருட்களின் பட்டியல் பின்பக்கம் போய்விடும். பெற்றோர் சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும் பட்டியலின் கடைசிப் பகுதியும் அதோடு போய்விடும். சில பள்ளிகளில் முகாம் நாளும் தொடர்பு எண்ணும் கிழிக்கும் பகுதியில் மட்டுமே இருக்கும். வீட்டில் தங்க வேண்டியவை எல்லாம் கோட்டுக்கு மேலே, பள்ளிக்குப் போக வேண்டியவை எல்லாம் கோட்டுக்குக் கீழே. கீழ்ப்பகுதியின் பின்புறம் வெறுமையாக இருக்க வேண்டும். பிள்ளையின் பெயரும் வகுப்பும் சீட்டில் அச்சாகியோ ஆசிரியர் கையால் எழுதியோ வந்துவிட்டால், பெயரில்லாத சீட்டு எவருடையது என்ற தேடல் இருக்காது.

அடுத்து அந்தக் கடைசி வரி: "அசம்பாவிதம் நேர்ந்தால் பள்ளி பொறுப்பல்ல." இதைப் பல பள்ளிகள் தங்களைக் காக்கும் வரியாக நினைக்கின்றன. பெற்றோரும் அதைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டால் எல்லா உரிமையும் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். இரண்டு எண்ணமும் தவறு. 1995 மே மாதம் பஞ்சாபின் பதான்கோட் பகுதிப் பள்ளி ஒன்று மாணவர்களை பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றது. ஆசிரியர்கள் உடன் சென்றிருந்தும் 14 பிள்ளைகள் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றம் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு அவர்களைக் கவனித்துக்கொள்ளும் கடமை உண்டு, ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு சீட்டில் ஒரு வரி அச்சடிப்பதால் இந்தக் கடமை போய்விடாது. அப்படி இருக்க, அந்த வரி செய்யும் ஒரே வேலை பெற்றோரை அச்சுறுத்துவது. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பயனுள்ள ஒரு வரி வைக்கலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பரில் கிராமத்துக் குளங்களும் கிணறுகளும் நிறைந்திருக்கும். முகாமின் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. "குளம், கிணறு, வாய்க்காலில் இறங்கவோ குளிக்கவோ அனுமதியில்லை, நீச்சல் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். இதை என் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்" என்ற வரிக்கு எதிரே பெற்றோர் டிக் போட்டால், அந்தப் பேச்சு ஒருமுறையாவது வீட்டில் நடந்திருக்கும்.

கடிதத்தின் தலைப்பில் இருக்க வேண்டிய செய்தியின் தேவையை 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்த கொடுமை காட்டியது. ஒரு தனியார் பள்ளி வளாகத்தில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் மாணவிகளைத் தங்க வைத்தார்கள். அங்கே ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அந்தப் பள்ளிக்கு என்.சி.சி. பிரிவே இல்லை, முகாமை நடத்தியவர்களுக்கு அந்த அமைப்போடு தொடர்பும் இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. முகாம் என்ற சொல்லையும் பள்ளி என்ற இடத்தையும் நம்பித்தான் பெற்றோர் அனுப்பினார்கள். ஆகவே கடிதத்தில் முகாமை நடத்துவது யார், அனுமதி அளித்தது எந்த அலுவலகம், அனுமதிக் கடிதத்தின் எண்ணும் நாளும் என்ன என்பவை இருக்க வேண்டும். மாணவிகள் தங்கும் கட்டடம் எது, அங்கே இரவு தங்கும் ஆசிரியைகள் யார், எத்தனை பேர் என்பதும் பெயரோடு இருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 அச்சாகியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பெற்றோர் கேட்கலாம், கேட்க வேண்டும். எழுத முடியாத பள்ளியிடம் பிள்ளையை இரவு விட்டுவைக்க முடியாது.

இவற்றையெல்லாம் வைத்து ஒரு கடிதம் எழுதிப் பார்ப்போம். பள்ளியும் ஊரும் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் அந்த இடங்களை நிரப்பாமல் விட்டிருக்கிறேன். டிசம்பர் 25 முதல் 31 வரை நடக்கும் முகாம் என்று வைத்துக்கொள்வோம்.

"அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நம் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் டிசம்பர் 25 காலை 9 மணிக்குத் தொடங்கி 31 மாலை 4 மணிக்கு முடியும். இடம்: ............ ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நடத்துபவர்: பள்ளியின் திட்ட அலுவலர் ............ அனுமதி எண், நாள்: ............ மாணவிகள் தனிக் கட்டடத்தில் தங்குவார்கள். அங்கே இரவு முழுவதும் உடன் இருப்பவர்கள்: ஆசிரியைகள் ............, ............

சாப்பாடு மூன்று வேளையும் முகாமிலேயே தரப்படும், அதற்குக் கட்டணம் இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்: ............ பிள்ளைகள் செல்போன் கொண்டுவர வேண்டாம். தினமும் மாலை 6 முதல் 7 வரை ஆசிரியர் போனிலிருந்து வீட்டுக்குப் பேசலாம். அவசரம் என்றால் நீங்கள் எந்த நேரமும் அழைக்கலாம்: ............

கொண்டுவர வேண்டியவை: வேலைக்குப் பழைய முழுக்கால் உடை 2, மற்ற உடை 2, சீருடை 1, உள்ளாடை 5, துண்டு 2, நீளக் காலுறை 3 ஜோடி. பாய் 1, போர்வை 2. விரல் மூடும் ஷூ, செருப்பு. பெயர் வெட்டிய தட்டு, டம்ளர். டார்ச், தண்ணீர் பாட்டில், தொப்பி. சோப்பு, பேஸ்ட், பிரஷ், எண்ணெய், சீப்பு. மாணவிகளுக்கு நாப்கின் ஒரு பாக்கெட் (தேவைப்பட்டால் ஆசிரியையிடமும் கிடைக்கும்). கைச்செலவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வேண்டாம். நகை வேண்டாம். இருப்பதைக் கொண்டுவந்தால் போதும், முகாமுக்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இல்லாததைக் கீழே உள்ள சீட்டில் குறியுங்கள்.

கீழ்ப்பகுதியைக் கிழித்து, மடித்து ஒட்டி, டிசம்பர் 15க்குள் ஆசிரியரிடம் நேரில் சேருமாறு கொடுத்தனுப்புங்கள். மேல்பகுதி உங்களிடமே இருக்கட்டும்."

கோட்டுக்குக் கீழே:

"மாணவர் பெயர், வகுப்பு: ............
முகாமுக்கு ☐ அனுப்புகிறேன் ☐ அனுப்பவில்லை
பள்ளி தர வேண்டியது: ☐ பாய் ☐ போர்வை ☐ ஷூ (அளவு ....) ☐ டார்ச் ☐ எதுவும் வேண்டாம்
தினமும் மருந்து: ☐ உண்டு ☐ இல்லை. பெயர், வேளை: ............
வீசிங் / வலிப்பு / இதயக் கோளாறு / ஒவ்வாமை: ☐ உண்டு ☐ இல்லை. விவரம்: ............
இரவில் ஆசிரியர் கவனிக்க வேண்டியது: ☐ உண்டு, போனில் சொல்கிறேன் ☐ இல்லை
நீர்நிலைகளில் இறங்கக் கூடாது என்று பிள்ளையிடம்: ☐ சொன்னேன்
அவசரத்தில் என்னை அழைத்துக் கிடைக்காவிட்டால் மருத்துவமனையில் சேர்க்க: ☐ சம்மதம் ☐ முதலில் இவரைக் கேட்கவும்: ............
இரவில் போன் எடுப்பவர் இருவர், எண்: ............
31ஆம் தேதி அழைத்துச் செல்பவர், உறவு: ............
கையெழுத்து அல்லது கைரேகை, உறவு, நாள்: ............"

இரவில் போன் எடுப்பவர் என்று தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பள்ளிப் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் எண். அவர் லாரி ஓட்டிக்கொண்டு ஆந்திரத்தில் இருக்கலாம், மில்லில் இரவு ஷிப்டில் இருக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவின் எண் அந்த நேரத்தில் அதிகப் பயன் தரும். அனுப்பவில்லை என்ற கட்டமும் வீணுக்கு இல்லை. வராத பிள்ளைக்கும் சீட்டு வந்துவிட்டால், தாள் வீட்டுக்குப் போனதா என்ற சந்தேகம் தீர்ந்துவிடும்.

கடிதம் போகும் நாளும் முக்கியம். மூன்று வாரம் முன்னதாகப் போனால்தான் ஷூ தேடவும் மருந்து வாங்கவும் நேரம் இருக்கும். திருப்பூர், ஈரோடு போன்ற ஊர்களில் வாரக்கூலி சனிக்கிழமை கைக்கு வரும். சீட்டுக்கான கடைசி நாளைத் திங்கள்கிழமையாக வைத்தால், கூலி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். அந்த ஊர்களில் பெற்றோர் சிலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஒடியாவோ இந்தியோதான் தெரியும். தமிழ்ப் பெற்றோரிலும் படிக்கத் தெரியாதவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் கடிதத்தைப் படித்துக் காட்டுவது முகாமுக்குப் போகத் துடிக்கும் அதே பிள்ளைதான். தனக்குப் பிடிக்காத வரியைப் பிள்ளை விட்டுவிட்டுப் படிக்கும். அதனால் பெற்றோர் கூட்டத்தில் கடிதத்தை ஆசிரியர் ஒருமுறை முழுக்க வாய்விட்டுப் படித்துவிடுவது நல்லது. வர முடியாதவர்களுக்குப் போனில் குரல் பதிவாக அனுப்பலாம்.

சீட்டுகள் வந்த பிறகு அவற்றைப் படிப்பதில்தான் ஆசிரியரின் அனுபவம் தெரியும். மேலிருந்து கீழ்வரை எல்லா "இல்லை" கட்டங்களிலும் ஒரே வேகத்தில், ஒரே சாய்வில் டிக் விழுந்திருந்தால், படிக்காமல் போட்டது என்று கொள்ளலாம். டிக்கும் கையெழுத்தும் வேறு வேறு மையில் இருந்தால் பிள்ளை நிரப்பிவிட்டுப் பெற்றோரிடம் கையெழுத்து மட்டும் வாங்கியிருக்கலாம். அதில் தப்பில்லை, ஆனால் மருந்துக் கேள்வியை மட்டும் பெற்றோரிடமே ஒருமுறை கேட்டுவிட வேண்டும். வருகைப் பதிவில் அடிக்கடி உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்த பிள்ளையின் சீட்டில் எல்லாம் "இல்லை" என்று இருந்தால், கட்டாயம் அழைக்க வேண்டிய வீடு அது. "வீசிங்லாம் ஒண்ணும் இல்லீங்க சார், பனிக்காலத்துல மட்டும் கொஞ்சம் இழுக்கும், ஒரு மருந்து உறிஞ்சுவான்" என்று அந்த அம்மா சொல்வார். முகாம் நடப்பதும் பனிக்காலம்தான். போனை வைப்பதற்கு முன்பு இன்ஹேலர் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாச் சீட்டுகளையும் அகர வரிசையில் கோப்பில் அடுக்கி ஒன்றை முதலுதவிப் பெட்டியோடு முகாமுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். நகல் ஒன்று பள்ளியில் தலைமையாசிரியரிடம் இருக்க வேண்டும். மருந்து, வலிப்பு, வீசிங் என்று குறித்திருக்கும் பிள்ளைகளின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, உடன் தங்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். இரவு 2 மணிக்கு 108 ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது கோப்பைப் புரட்ட நேரம் இருக்காது. பள்ளியிடமிருந்து வாங்கிய பாய், போர்வை யாருக்குப் போனது என்ற பட்டியலை வேறாக வைக்க வேண்டும், அதை யாரும் வாசிக்கக் கூடாது. பேருந்தில் ஏறுவதற்கு முன்பே அந்தப் பொருட்கள் அந்தப் பிள்ளையின் பையில் சேர்ந்திருக்க வேண்டும்.

பெற்றோரிடம் தங்கும் மேல்பகுதியின் அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் வைத்தால் நல்லது. உண்ணிக் காய்ச்சல் கடித்த உடனே வராது, பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் தொடங்கும். அதற்குள் முகாம் முடிந்து, பள்ளி திறந்து, பொங்கலும் நெருங்கியிருக்கும். காய்ச்சலுக்கும் முகாமுக்கும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது. சாதாரணக் காய்ச்சல் மாத்திரைக்கு அது அடங்காது, ஆனால் சரியான ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் தணியும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். ஆகவே அந்த வரி இப்படி இருக்கலாம்: "முகாமிலிருந்து திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், கிராமத்தில் புதர் நிறைந்த இடத்தில் வேலை செய்தார் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த சிறு புண் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதையும் காட்டுங்கள். இந்தத் தாளை ஜனவரி 21 வரை வைத்திருங்கள்."